ஏழு புள்ளி ஒன்று: யாரிடம் சொன்னீர்கள்?

அறுபது வயதைக் கடந்த நீரிழிவு நோயாளி ஒருவர். சிறுநீரகம் கொஞ்சம் கொஞ்சமாகப் பழுதடைந்து வருகிறது. ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்ட்டனும் கால் வீக்கத்துக்கு ஸ்பைரோனோலாக்டோனும் சாப்பிடுகிறார். இரண்டுமே உடலில் பொட்டாசியத்தைத் தங்கவைக்கும் மருந்துகள். இரண்டு நாளாகக் கால்கள் துவள்கின்றன என்று உள்ளூர் மருத்துவரிடம் போகிறார். அவர் ரத்தப் பரிசோதனைக்கு எழுதித் தருகிறார். ஊரில் இருக்கும் கலெக்‌ஷன் சென்டரில் பிற்பகல் 3 மணிக்கு ரத்தம் எடுக்கிறார்கள். சாம்பிள் வண்டியேறி, மாவட்டத் தலைநகரில் உள்ள ஆய்வகத்தைச் சேரும்போது மாலை 6 மணி. 7.10க்கு இயந்திரம் முடிவைத் தருகிறது: பொட்டாசியம் லிட்டருக்கு 7.1 மில்லிமோல். இயல்பான அளவு ஏறத்தாழ 3.5 முதல் 5 வரைதான்.

பணியில் இருக்கும் டெக்னீசியனுக்கு இந்த எண்ணின் பொருள் தெரியும். எந்த நிமிடமும் இதயத் துடிப்பு தாறுமாறாகி நின்றுவிடலாம். அவர் பரிசோதனைச் சீட்டைப் பார்க்கிறார். பரிந்துரைத்த மருத்துவரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு எழுத்து இனிஷியல் மட்டும் இருக்கிறது. தொலைபேசி எண் இல்லை. கலெக்‌ஷன் சென்டரை அழைக்கிறார். அது 7 மணிக்கே மூடியாயிற்று. சீட்டில் மீதி இருப்பது நோயாளியின் மகனுடைய கைபேசி எண். அந்த எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட்டை அனுப்பிவிட்டு அடுத்த சாம்பிளைக் கையில் எடுக்கிறார். மகன் வெளியூரில் வேலையில் இருக்கிறார். இரவு 11 மணிக்குத் திறந்து பார்க்கிறார்; நான்கு பக்கம், முப்பது எண்கள், அதில் ஒன்று தடித்த எழுத்தில். காலையில் டாக்டரிடம் காட்டச் சொல்லலாம் என்று நினைத்து வைத்துவிடுகிறார். வீட்டில் அம்மா, மனிதர் சோர்ந்து கிடக்கிறாரே என்று இளநீர் வெட்டிக் கொடுக்கிறார். இளநீரிலும் பொட்டாசியம் நிறைய உண்டு.

இது ஏதோ ஓர் ஆய்வகத்தின் கதை அன்று. நடைமுறையின் ஓட்டைகளை ஒரே இடத்தில் காட்டுவதற்காக நாம் வரைந்த சித்திரம். ஆனால் மருத்துவத் துறையோடு தொடர்புடைய எவரும் இதில் எந்த வரியையும் நம்ப முடியாதது என்று சொல்லமாட்டார். இந்த இரவில் நோயாளி பிழைத்தாலும் பிழைக்காவிட்டாலும் நம் தீர்ப்பு ஒன்றே. 7.10க்கு ஒரு நிறுவனத்துக்குத் தெரிந்துவிட்ட உண்மை, அதைக் கொண்டு ஏதேனும் செய்யக்கூடிய ஒருவரையும் சென்றடையவில்லை. அந்தக் குற்றத்தை இரவுப் பணி டெக்னீசியனின் தலையில் கட்டிவிட்டு நகர்ந்துவிடுவது நேர்மையாகாது. யாரை அழைக்க வேண்டும், கிடைக்காவிட்டால் அடுத்து யார் என்று அவருக்கு எழுதிக் கொடுக்காத ஆய்வகத் தலைவரும் நிர்வாகமுமே முதல் குற்றவாளிகள்.

இதற்கான நடைமுறை புதிதும் அன்று, மறைபொருளும் அன்று. உயிருக்கு உடனடி ஆபத்தைக் காட்டும் முடிவுகளைத் தனியே பட்டியலிட்டு உடனே மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதை 1972இல் ஜார்ஜ் லண்ட்பெர்க் என்ற அமெரிக்க நோயியல் மருத்துவர் எழுதினார். அவர் வைத்த ‘பேனிக் வேல்யூ’ என்ற பெயரை நம் ஆய்வகங்களில் மூத்தவர்கள் இன்றும் சொல்கிறார்கள். இளையவர்களுக்கு அது ‘கிரிட்டிக்கல் வேல்யூ’. மருத்துவ ஆய்வகங்களுக்கான ஐ.எஸ்.ஓ. 15189 தரவிதியின் 2022 பதிப்பு இதைத் தெளிவாகக் கேட்கிறது: யார் சொன்னார், யாரிடம் சொன்னார், என்ன முடிவு, எந்தத் தேதி, எந்த நேரம், சொன்னது சரியாகக் கேட்கப்பட்டதா, தெரிவிப்பதில் என்ன இடர்ப்பாடு நேர்ந்தது, எல்லாம் பதிவாக வேண்டும். உரியவர் கிடைக்காதபோது அடுத்து யாரிடம் போவது என்பதும் முன்கூட்டியே வகுக்கப்பட்டிருக்க வேண்டும். இந்தியாவில் என்.ஏ.பி.எல். அங்கீகாரம் இந்தத் தரவிதியின்படியே தரப்படுகிறது. ஆனால் அந்த அங்கீகாரம் கட்டாயம் இல்லை. தெருமுனையில் பெயர்ப்பலகை மாட்டியிருக்கும் எத்தனையோ ஆய்வகங்கள் அதைத் தொட்டதே இல்லை.

முதலில் ஆய்வகத்துக்குள் நடக்க வேண்டியதைச் சொல்வோம். 7.1 என்று திரை காட்டியவுடன் டெக்னீசியன் சாம்பிள் குழாயைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். சிவப்பணுக்கள் உடைந்திருந்தால் சீரம் இளஞ்சிவப்பாகத் தெரியும். அணுக்களுக்குள் இருக்கும் பொட்டாசியம் கசிந்து எண்ணைப் பொய்யாக உயர்த்தியிருக்கும். ரத்தத்தை மணிக்கணக்கில் சுழற்றிப் பிரிக்காமல் வைத்திருந்தாலும் இதே கோளாறு வரும். அதனால்தான் கலெக்‌ஷன் சென்டரிலேயே சீரத்தைப் பிரித்து அனுப்ப வேண்டும் என்கிறார்கள். ஊதா மூடிக் குழாயில் இருக்கும் இ.டி.டி.ஏ. மருந்து கலந்துவிட்டால் பொட்டாசியம் விண்ணைத் தொடும்; கூடவே கால்சியம் நம்ப முடியாத அளவுக்குக் கீழே போயிருக்கும். அந்தச் சேர்க்கையே கலப்பைக் காட்டிக்கொடுக்கும். நோயாளியின் முந்தைய ரிப்போர்ட் இருந்தால் ஒப்பிடலாம். இவ்வளவும் ஐந்து நிமிட வேலை.

இங்கேதான் ஒரு பழக்கம் வேரூன்றியிருக்கிறது. ‘சாம்பிள் ஹீமோலைஸ்டு, மறுபடி ரத்தம் அனுப்பவும்’ என்று ரிப்போர்ட்டின் அடியில் ஒரு வரி அடித்துவிட்டால் கடமை முடிந்தது என்று கருதும் பழக்கம். அது முடியவில்லை. சிவப்பணு உடைந்த சாம்பிளுக்குள்ளேயும் உண்மையான உயர்வு மறைந்திருக்கலாம். சிறுநீரக நோயாளிக்கு அந்த வாய்ப்பு இன்னும் அதிகம். ஐயம் இருக்கும்போதும் அழைக்க வேண்டும். ஐயத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உடனே புதிய ரத்தமும் ஓர் இ.சி.ஜி.யும் கேட்க வேண்டும். எண்ணின்மேல் சந்தேகப்படுவது ஆய்வகத்தின் உரிமை. அந்தச் சந்தேகத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்ள அதற்கு உரிமை இல்லை.

அடுத்தது தொலைபேசி. உள்நோயாளி என்றால் அந்த வார்டில் அந்த நோயாளியைக் கவனிக்கும் ஸ்டாஃப் நர்ஸ் அல்லது டியூட்டி டாக்டர். போனை எடுத்தவர் யாராக இருந்தாலும் சொல்லிவிடலாம் என்பது இல்லை. வரவேற்பு மேசைக்காரரிடமோ, வார்டு உதவியாளரிடமோ, நோயாளியோடு வந்தவரிடமோ சொன்னது கணக்கில் சேராது. உரையாடல் எப்படி நடக்க வேண்டும் என்பதை அப்படியே தருகிறோம்.

“சிஸ்டர், பயோகெமிஸ்ட்ரி லேப்ல இருந்து பேசறேன். ஒரு கிரிட்டிக்கல் வேல்யூ இருக்கு. நோட்டும் பேனாவும் எடுத்துக்கோங்க.”

“ம், சொல்லுங்க.”

“பேஷண்ட் பேர் லட்சுமி. இனிஷியல் எம், மதுரைக்கு வர்ற எம். ஐ.பி. நம்பர் நாலு, ஏழு, ரெண்டு, ஒண்ணு. சீரம் பொட்டாசியம், ஏழு புள்ளி ஒண்ணு. காலைல ஆறு மணிக்கு எடுத்த சாம்பிள். எழுதினதைப் பார்த்து அப்படியே வாசிங்க சிஸ்டர்.”

“எம். லட்சுமி, ஐ.பி. நாலு ஏழு ரெண்டு ஒண்ணு, பொட்டாசியம் ஏழு புள்ளி ஒண்ணு, ஆறு மணி சாம்பிள்.”

“சரியா இருக்கு. உங்க பேர் சொல்லுங்க. மணி ஆறு ஐம்பத்திரண்டு.”

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் இதில் எந்த ஒரு வரியையும் எடுத்துவிட முடியாது. நம் ஊரில் குடும்பப் பெயர் கிடையாது. ஒரு பெயரும் ஓர் இனிஷியலும்தான். ஒரே வார்டில் இரண்டு லட்சுமி, மூன்று முருகன் இருப்பது அன்றாடக் காட்சி. தொலைபேசியில் ‘எம்’மும் ‘என்’னும் ஒன்றுபோலவே கேட்கும், ‘பி’யும் ‘டி’யும் அப்படியே. ஆகவே பெயரோடு பதிவு எண்ணும் சேராத தகவல், தவறான படுக்கைக்குப் போய்ச் சேர்வதற்கான தகவல். சரியான ஆளுக்குச் சிகிச்சை கிடைக்காது. தவறான ஆளுக்கு இன்சுலின் ஏறும். இரண்டு உயிர் ஒரே அழைப்பில்.

திரும்ப வாசிப்பது என்றால் எழுதியதைப் பார்த்து வாசிப்பது. காதில் விழுந்ததை அப்படியே எதிரொலிப்பது அதற்கு ஈடாகாது. அது நினைவிலிருந்து வருகிறது, அடுத்த நிமிடம் கையுறையிலோ உள்ளங்கையிலோ வேறாக எழுதப்படலாம். “ஓகே, ஓகே” என்பதும் வாசிப்பு ஆகாது. அழைத்தவரே “ஏழு புள்ளி ஒண்ணுதானே?” என்று கேட்டு, மறுமுனை “ஆமா” என்று சொல்வதும் ஆகாது, ஆறு புள்ளி ஒன்று என்று எழுதியிருப்பவரும் அவசரத்தில் ஆமா என்றுதான் சொல்வார். இது வீண் அச்சம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு சான்று தருகிறோம். 2004இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஆய்வகங்களிலிருந்து போன 822 அழைப்புகளில் திரும்ப வாசிக்கச் சொல்லிப் பார்த்தார்கள். 29 அழைப்புகளில் பிழை இருந்தது. ஏறத்தாழ நூற்றுக்கு மூன்றரை. நோயாளியின் பெயர் தவறாகக் கேட்டது, முடிவு தவறாகக் கேட்டது, திரும்ப வாசிக்கவே மறுத்தது எல்லாம் அதில் அடக்கம்.

மறுப்பவர்களைப் பற்றி ஒரு சொல். “எனக்குப் பாடம் எடுக்கிறாயா, சொன்னது கேட்டது, வை போனை” என்று டெக்னீசியனிடம் சீறும் மருத்துவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். படிநிலையில் கீழே இருப்பவர் மேலே இருப்பவரைத் திரும்பச் சொல்லச் சொல்வதைத் தன்மானப் பிரச்சினையாக்கிக்கொள்பவர்கள். ரயில் நிலையங்களில் ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் அடுத்த நிலையத்திடம் ரயில் அனுப்ப ஒப்புதல் கேட்கும்போது, இருவரும் தொலைபேசியில் தனி எண்ணைப் பரிமாறி, நேரத்தோடு பதிவேட்டில் எழுதுகிறார்கள். யார் மூத்தவர் என்ற பேச்சு அங்கே எழுவதில்லை. சரக்கு ரயிலுக்குக் கிடைக்கும் இந்த மரியாதை ஒரு நோயாளிக்குக் கிடைக்காமல் போவதை நாம் ஏற்கமாட்டோம். வாசிக்க மறுத்த மருத்துவரின் பெயர் பதிவேட்டில் ஏற வேண்டும்; மருத்துவக் கண்காணிப்பாளர் அவரை அழைத்துப் பேச வேண்டும். டெக்னீசியனுக்கு இந்தப் பின்பலம் இல்லாத இடத்தில் நடைமுறை காகிதத்தில் மட்டுமே இருக்கும்.

செவிலியர் கேட்டு எழுதியதோடு பயணம் முடிவதில்லை. அவரால் சிகிச்சை எழுத முடியாது. அவர் டியூட்டி டாக்டரை அழைத்து இதே முறையில் சொல்லி, அவரும் திரும்பச் சொல்லி, அந்த நேரத்தையும் கேஸ் ஷீட்டில் எழுத வேண்டும். பல மருத்துவமனைகள் ‘முடிவு தெரிந்து 30 நிமிடத்துக்குள் தெரிவிக்கிறோம்’ என்று பெருமையாகச் சொல்கின்றன. அந்த 30 நிமிடம் ஆய்வகத்திலிருந்து வார்டு வரைதானா, முடிவெடுக்கக்கூடிய மருத்துவர் வரையா என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் முதலாவதுதான். அந்தக் கணக்கில் நேர்மை இல்லை. பொட்டாசியம் 7.1 உள்ளவருக்குத் தேவை சிரை வழியாகக் கால்சியம் குளுக்கோனேட். அது சில நிமிடங்களில் இதயத்தைக் காக்கத் தொடங்கும், ஆனால் பொட்டாசியத்தைக் குறைக்காது. அதற்கு இன்சுலினும் குளுக்கோஸும், பிறகு வேண்டியிருந்தால் டயாலிசிஸும். இவற்றை எழுதும் கை எப்போது செய்தி அறிந்தது என்பதில்தான் கடிகாரம் நிற்க வேண்டும்.

வெளிநோயாளியின் நிலை இதைவிடக் கடினம். நம் சித்திரத்தில் நடைமுறை உடைந்ததும் அங்கேதான். பரிந்துரைத்த மருத்துவரின் கைபேசி எண் இல்லாத சீட்டைக் கலெக்‌ஷன் சென்டர் வாங்கவே கூடாது. அந்த எண்ணை எழுதித் தர மறுக்கும் மருத்துவர் பரிசோதனைக்கு எழுதும் தகுதியை இழக்கிறார் என்றே சொல்வோம். ரத்தம் எடுக்கச் சொல்வது முடிவைக் கேட்கும் பொறுப்பையும் ஏற்பதுதான். அவருக்கு இரண்டு முறை அழைத்தும் எடுக்கவில்லை என்றால், அவர் குறித்துக் கொடுத்த மாற்று மருத்துவர். அவரும் இல்லை என்றால், சுமை டெக்னீசியனிடமிருந்து ஆய்வகத்தின் ஆன்-கால் மருத்துவருக்குப் போக வேண்டும். நோயியல் மருத்துவரோ உயிர்வேதியியல் மருத்துவரோ, ரிப்போர்ட்டின் அடியில் எவர் கையெழுத்து இருக்கிறதோ அவர். அவர் நோயாளியின் வீட்டுக்கே பேச வேண்டும்: இன்றிரவே, இ.சி.ஜி. எடுக்கக்கூடிய அவசரப் பிரிவுக்குப் போங்கள், இந்த எண்ணைக் காட்டுங்கள், இந்த மாத்திரைகளைச் சொல்லுங்கள், இளநீர், பழச்சாறு வேண்டாம், தனியே வண்டி ஓட்டிப் போகாதீர்கள், 108ஐ அழையுங்கள். கேட்டவர் இதைத் திரும்பச் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப்பில் இரண்டு நீலக் கோடு விழுந்ததைத் தெரிவித்ததற்குச் சான்றாகக் காட்டுவதை இனி எந்த நீதிமன்றமும் நுகர்வோர் ஆணையமும் ஏற்கக் கூடாது என்பது நம் நிலைப்பாடு. அது திறந்ததற்கு அடையாளம், புரிந்ததற்கு அன்று.

அரசு மருத்துவமனைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அங்கே பல இடங்களில் சாம்பிளைச் சுமந்து போவதும் ரிப்போர்ட்டை வாங்கி வருவதும் நோயாளியின் உறவினர். ஜன்னலில் வரிசையில் நின்று அவர் வாங்கும் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. வழியில் தேநீர் குடித்துவிட்டு வருகிறார். அவரைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. வார்டுக்கும் ஆய்வகத்துக்கும் இடையே ஒரு வேலை செய்யும் தொலைபேசியும், இரவில் அதை எடுக்க ஒரு பெயரும் இல்லாமல் இருப்பது ஏழைகளின் உயிருக்கு அரசு வைத்திருக்கும் விலை என்று எண்ணத் தோன்றுகிறது.

இந்தக் கோரிக்கைக்கு எதிராக நியாயமான ஓர் ஆட்சேபம் உண்டு. எல்லாவற்றுக்கும் அழைத்தால் யாரும் எந்த அழைப்பையும் மதிக்கமாட்டார்கள். உண்மை. டயாலிசிஸ் பிரிவிலிருந்து வரும் ஒவ்வொரு கிரியேட்டினினுக்கும் போன் அடித்தால், ஒரு வாரத்தில் அந்தப் பிரிவில் போனை எடுப்பதை நிறுத்திவிடுவார்கள். பட்டியல் சிறியதாக இருக்க வேண்டும். உடனடிச் செயல் வேண்டிய முடிவுகள் மட்டும்: மிக உயர்ந்த, மிகத் தாழ்ந்த பொட்டாசியம், சோடியம், 40ஐ ஒட்டி இறங்கிய சர்க்கரை, மிகக் குறைந்த தட்டணுக்கள், தண்டுவட நீரிலோ ரத்தத்திலோ கிருமி தெரிந்தது போன்றவை. எல்லையை ஆய்வகத்தாரும் சிகிச்சை தருபவர்களும் சேர்ந்து உட்கார்ந்து குறிக்க வேண்டும். வேறொரு மருத்துவமனையின் பட்டியலை அப்படியே நகலெடுத்துச் சுவரில் ஒட்டக் கூடாது. ஏற்கெனவே தெரிந்த நோயாளிக்கு எந்தப் பரிசோதனையில் மறு அழைப்பு வேண்டாம் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். இரவு 2 மணிக்கு ஒரு டெக்னீசியன் தன் ஊகத்தில் எடுக்கும் முடிவாக அது இருக்கக் கூடாது. பொட்டாசியத்துக்கு அந்தச் சலுகை வேண்டாம் என்பது நம் கருத்து.

இனி பதிவேடு. முடிவு தெரிந்த நேரம், முதல் அழைப்பின் நேரம், எடுக்கப்படாத அழைப்புகளின் நேரம், கேட்டவரின் பெயரும் பதவியும், சொன்ன எண், திரும்ப வாசித்தாரா, சொன்னவரின் கையெழுத்து. எடுக்கப்படாத அழைப்பையும் எழுதுவது தற்காப்புக்காக மட்டும் அன்று; எந்த மருத்துவர், எந்த வார்டு, எந்த நேரத்தில் தொடர்ந்து கிடைப்பதில்லை என்று நிர்வாகம் அறிய வேறு வழி இல்லை. எழுத வேண்டியது அந்த நிமிடத்தில், ஒரே கடிகாரத்தைப் பார்த்து. ஆய்வக இயந்திரம் ஒரு நேரமும் சுவர்க் கடிகாரம் இன்னொரு நேரமும் காட்டினால், முடிவு வருவதற்கு முன்பே அழைத்ததாகப் பதிவாகும் விசித்திரமெல்லாம் நேரும். பணி முடியும்போது மொத்தமாக நிரப்பிய பதிவேட்டை அடையாளம் காண்பது எளிது. எல்லா நேரமும் 0இலோ 5இலோ முடியும். எல்லா இடைவெளியும் பத்து நிமிடம். ஒரே மை, ஒரே சாய்வு. எல்லா வரியிலும் ‘சிஸ்டரிடம் சொல்லப்பட்டது’. எந்த சிஸ்டர்? பெயர் இல்லை. அப்படியொரு பதிவேடு பதிவேடு இல்லாததைவிடக் கேடானது. நடக்காததை நடந்ததாகச் சாட்சி சொல்கிறது. அதில் கையெழுத்திட்டு அங்கீகாரம் வாங்கும் ஆய்வகத் தலைவர் பொய்ச் சாட்சியத்தில் பங்குதாரர்.

தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டின் மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறது. 2018இல் அதற்கான விதிகளும் வந்தன. ஆய்வகங்களுக்கும் பதிவு வேண்டும் என்ற நிலை ஏற்பட்டுள்ளது. அந்தப் பதிவைத் தருவதற்கும் புதுப்பிப்பதற்கும் முன்பு மூன்றைக் கேட்கும்படி சுகாதாரத் துறையை வலியுறுத்துகிறோம்: மருத்துவரின் எண் இல்லாத சீட்டை வாங்குவதில்லை என்ற எழுத்துபூர்வ உறுதி, இரவு முழுவதும் போனை எடுக்கும் ஆன்-கால் மருத்துவரின் பெயர், நேரத்தோடு எழுதப்பட்ட அபாய அளவுப் பதிவேடு. கலெக்‌ஷன் சென்டர் நடத்தும் நிறுவனங்களுக்கு இதில் எந்தத் தளர்வும் கூடாது. அறுபது கிலோமீட்டர் தள்ளி ரத்தம் எடுத்து லாபம் பார்ப்பவர்கள் அந்த அறுபது கிலோமீட்டருக்கும் செய்தியைத் திருப்பிக் கொண்டுசேர்க்கவும் கடமைப்பட்டவர்கள்.

ஆய்வுக்குப் போகும் அதிகாரிகள் பதிவேட்டிலிருந்து தொடங்கக் கூடாது. பதிவேட்டில் இருப்பவை செய்யப்பட்ட அழைப்புகள். செய்யப்படாதவை அங்கே இருக்கவே முடியாது. இயந்திரத்தின் நினைவகத்திலிருந்து கடந்த மாதத்தின் 6.5க்கு மேற்பட்ட எல்லாப் பொட்டாசியத்தையும் எடுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே பதிவேட்டு வரியைத் தேடுங்கள். வரி இல்லாத எண்ணுக்குரிய நோயாளி யார், அன்றிரவு எங்கே இருந்தார், இப்போது எப்படி இருக்கிறார் என்று ஆய்வகத் தலைவரை எழுத்தில் பதில் கேளுங்கள்.